ஃபண்ட் இண்டெக்ஸை 1.475% முந்தியிருக்கு: செக்டர் ஒதுக்கீடா, பங்குத் தேர்வா?

செல்வி_கோவை | 6 ஜூலை 2025, இரவு 9:10

ஒரு ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட், பெஞ்ச்மார்க் டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடற நிஃப்டி 500 டி.ஆர்.ஐ. ஒரு காலாண்டுக் கணக்கு. ஃபண்ட் பேர் வேண்டாம், சண்டை வரும். படிக்கச் சுலபமா இருக்க எண்களை உருட்டி, செக்டர்களைச் சுருக்கிப் போட்டிருக்கேன்.

| செக்டர் | ஃபண்ட் வெயிட் | இண்டெக்ஸ் வெயிட் | ஃபண்ட் ரிட்டர்ன் | இண்டெக்ஸ் ரிட்டர்ன் |
|---|---|---|---|---|
| நிதி | 40% | 30% | 6% | 5% |
| ஐ.டி. | 10% | 20% | 4% | 2% |
| மற்றவை | 45% | 50% | 10% | 8% |
| ரொக்கம் | 5% | 0 | 1.5% | 1.5% |

வெயிட்டையும் ரிட்டர்னையும் பெருக்கிக் கூட்டினா ஃபண்ட் 7.375%, இண்டெக்ஸ் 5.9%. என்.ஏ.வி. காட்டுறது 7.31%, அந்தச் சின்ன வித்தியாசம் ரவுண்டிங்னு விட்டுட்டேன்.

என் வாதம்: நிதிப் பங்குகள்ல இண்டெக்ஸைவிட 10% கூட வச்சதால ஃபண்டுக்கு 0.50% கிடைச்சது. 10% × 5%, அவ்வளவுதான். ஆனா கூட வேலை பாக்கிறவரோட ஷீட் அதே இடத்துல -0.09% காட்டுது. ஐ.டி.யில எனக்கு -0.20, அவருக்கு +0.39. வேடிக்கை என்னன்னா செக்டர் ஒதுக்கீடு, அதாவது அலொகேஷன் மொத்தம் ரெண்டு பேருக்கும் -0.025 தான். யார் கணக்கு சரி?

நிஃப்டிதாசன் | 6 ஜூலை, இரவு 9:42

மொத்தம் ஒண்ணா வருதுல்ல, அப்புறம் என்ன? ரெண்டும் சரிதான். செக்டர் வாரியா எப்படிப் பிரிச்சாலும் கடைசியில வர்றது -0.025. பங்குத் தேர்வு, அதாவது செலக்ஷன்தான் இங்க மேட்டர், அதைப் பாருங்க.

கணக்கன் | 6 ஜூலை, இரவு 11:05

தாசன் சொல்வதில் பாதி சரி. மொத்தம் ஒன்றாகத்தான் வரும். ஆனால் செக்டர் வாரியாகப் பார்ப்பதற்குத்தானே இந்தக் கணக்கையே போடுகிறோம்?

செல்வி போட்டிருப்பது 1986-ல் பிரின்சன், ஹூட், பீபவர் மூவரும் எழுதிய வடிவம். நண்பரின் ஷீட்டில் இருப்பது அதற்கு ஓராண்டு முன் பிரின்சனும் ஃபாக்லரும் எழுதியது. வித்தியாசம் ஒரே ஒரு கழித்தல். wp ஃபண்ட் வெயிட், wb இண்டெக்ஸ் வெயிட், Rb அந்தத் துறையின் இண்டெக்ஸ் ரிட்டர்ன், B மொத்த இண்டெக்ஸ் ரிட்டர்ன்:

```
BHB:  (wp - wb) * Rb
BF:   (wp - wb) * (Rb - B)      B = 5.9%
```

நிதித் துறைக்கு 10% அதிகம் கொடுக்க வேண்டுமானால் அந்தப் பணத்தை வேறு எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். நிதி 5% ஏறியது உண்மை. இண்டெக்ஸ் முழுவதுமாக 5.9% ஏறியது. சராசரிக்குக் கீழே ஓடிய துறையில் கூடுதல் பணம் வைத்தால் அது நஷ்ட முடிவு: 10% × (5 − 5.9) = -0.09. ஐ.டி. 2%தான் ஏறியது, அதில் குறைவாக வைத்தது நல்ல முடிவு: -10% × (2 − 5.9) = +0.39. உங்கள் கணக்கோ அதே முடிவுக்கு -0.20 தண்டனை கொடுக்கிறது. ஐ.டி. ஏறியது, நீ குறைவாக வைத்தாய், அதனால் தப்பு என்கிறது. எவ்வளவு ஏறியது என்று கேட்கவே இல்லை.

இதன் விளைவு ஏறும் சந்தையில் தெரியும். எந்தத் துறையில் கூட வைத்தாலும் பாராட்டு, எதில் குறைத்தாலும் திட்டு. இறங்கும் சந்தையில் அப்படியே தலைகீழ். செக்டர் வரிசையில் பேச வேண்டுமென்றால் நண்பரின் ஷீட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் ஏன் ஒன்றாகிறது? ஒவ்வொரு வரியிலும் வித்தியாசம் (wp − wb) × B. வெயிட் வித்தியாசங்களைக் கூட்டினால் பூஜ்யம், அதனால் அடிபட்டுப் போகிறது. இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். ரொக்க வரியை விட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள்: உங்கள் முறையில் -0.10 வரும், நண்பர் முறையில் +0.195 வரும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ வெயிட் 100-க்குக் கூடவில்லை என்று அர்த்தம்.

செல்வி_கோவை | 7 ஜூலை, காலை 7:20

ரொக்கத்தை எடுத்துட்டுப் போட்டேன், சொன்ன மாதிரியே வருது. சரி, நிதி -0.09 தான், ஒத்துக்கிறேன் சார்.

அப்ப ரொக்கத்துக்கு -0.22 வருதே, 5% × (1.5 − 5.9)? 5% காசு வச்சதுக்கு இவ்வளவா? அலொகேஷன் மொத்தமே -0.025 தான், அதுல பெரிய ஓட்டை இதுதான்.

கணக்கன் | 7 ஜூலை, காலை 8:02

ஆமாம். ரொக்கத்தைத் தனி வரியாக வைத்ததால்தான் அது கண்ணில் பட்டது. பலர் ரொக்கத்தை விட்டுவிட்டு மற்ற வெயிட்டுகளை 100-க்கு ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஃபண்ட் ரிட்டர்ன் 7.375 ஆக வராது, இன்னும் நன்றாக ஓடியதுபோலக் காட்டும்.

ஓய்வு_ராமன் | 7 ஜூலை, காலை 10:31

வணக்கம். நானும் இதே விஷயத்தைத்தான் கேட்க நினைத்தேன். ஆறு வருடமாக எஸ்.ஐ.பி. போடுகிறேன். என் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். 13.2%. இண்டெக்ஸின் ஆறு வருட ரிட்டர்ன் 12.6% என்று ஃபேக்ட்ஷீட்டில் இருக்கிறது. இந்த 0.6% எதனால் வந்தது, ஒதுக்கீட்டாலா தேர்வாலா என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

மீனா_டேட்டா | 7 ஜூலை, காலை 11:15

ராமன் சார், அந்த 0.6% ஃபண்ட் மேனேஜரோடதே இல்லாம இருக்கலாம். எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.ல நீங்க எந்தத் தேதியில எவ்வளவு போட்டீங்கங்கறதும் கலந்திருக்கு. ஃபேக்ட்ஷீட்ல இருக்கிறது முதல் நாளே மொத்தமாப் போட்ட பணத்துக்கான கணக்கு. ரெண்டையும் கழிக்கக் கூடாது.

முதல்ல இதைச் செய்ங்க. உங்க ஒவ்வொரு தவணைத் தேதியிலயும் அதே ரூபாய்க்கு டி.ஆர்.ஐ.யை யூனிட் மாதிரி வாங்கியதா வச்சு அதுக்கும் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். போடுங்க. அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நியாயமான ஒப்பீடு. அதையும் இந்த இழையில் ஓடுற ஃபார்முலாவால செக்டர் செக்டராப் பிரிக்க முடியாது. இந்த ஃபார்முலா ஃபண்டுக்குள்ள இருக்கிற வெயிட்டுக்கும் ரிட்டர்னுக்கும் மட்டும்தான்.

நிஃப்டிதாசன் | 7 ஜூலை, மதியம் 1:08

செலக்ஷனுக்கு வருவோம். இண்டெக்ஸ் வெயிட்டால பெருக்கினா நிதி 0.30, ஐ.டி. 0.40, மற்றவை 1.00, மொத்தம் 1.70. அலொகேஷன் -0.025. கூட்டினா 1.675. ஆனா மொத்த வித்தியாசம் 1.475 தானே? -0.20 ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குது. இன்டராக்ஷன்னு ஒரு பேர் வச்சு அதை ஒரு தனி நெடுவரிசையில போட்டு வச்சிருக்காங்க. அது கணக்கு மிச்சம், ரவுண்டிங் மாதிரி. விட்டுடலாம்.

கணக்கன் | 7 ஜூலை, பிற்பகல் 2:40

ரவுண்டிங் இல்லை தம்பி. (wp − wb) × (Rp − Rb), இதில் Rp அந்தத் துறையில் ஃபண்டின் ரிட்டர்ன். நிதி +0.10, ஐ.டி. -0.20, மற்றவை -0.10. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு.

ஐ.டி.யை எடுங்கள். மேனேஜர் தேர்ந்த ஐ.டி. பங்குகள் இண்டெக்ஸின் ஐ.டி.யைவிட 2% கூட ஓடின. இண்டெக்ஸ் அளவுக்கு 20% வைத்திருந்தால் அதில் 0.40 கிடைத்திருக்கும். வைத்தது 10% மட்டும், கைக்கு வந்தது 0.20. நல்ல பங்கைத் தேர்ந்துவிட்டு அதில் பாதிதான் போட்டதன் விலை அந்த -0.20.

இதை என்ன செய்வது என்பது ஃபண்டில் முடிவு எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. செக்டர் வெயிட்டை ஒருவரும் பங்குகளை வேறொருவரும் முடிவு செய்யும் இடத்தில் இதைத் தனியாகக் காட்டுவதுதான் நேர்மை, ஏனென்றால் அது இருவரில் யாருடையதும் இல்லை. பங்கு பங்காகத் தேர்ந்து, செக்டர் வெயிட் அதன் விளைவாக வந்து விழும் ஃபண்டில் செலக்ஷனோடு சேர்த்துவிடலாம். அதாவது இண்டெக்ஸ் வெயிட்டுக்குப் பதில் ஃபண்ட் வெயிட்டால் பெருக்குங்கள்: நிதி 0.40, ஐ.டி. 0.20, மற்றவை 0.90, மொத்தம் 1.50. அதோடு -0.025 சேர்த்தால் 1.475.

நிஃப்டிதாசன் | 7 ஜூலை, பிற்பகல் 2:55

அதாவது நான் சொன்ன மாதிரி தனி நெடுவரிசை வேண்டாம்.

கணக்கன் | 7 ஜூலை, பிற்பகல் 3:01

நெடுவரிசை வேண்டாம் என்பது வேறு, எண்ணைத் தூக்கிப் போடு என்பது வேறு.

மீனா_டேட்டா | 7 ஜூலை, இரவு 10:20

ஃபார்முலா சண்டை ஓயட்டும், அடியில இருக்கிற டேட்டாவைப் பத்திச் சொல்றேன். தப்பு பெரும்பாலும் அங்கதான்.

வெயிட் எப்பவும் காலத்தோட ஆரம்பத்துல இருக்கிறது. ஜூன் மாசக் கணக்குக்கு மே 31 போர்ட்ஃபோலியோ. ஃபண்ட் ஹவுஸ் மாசக் கடைசிப் போர்ட்ஃபோலியோவை அடுத்த 10 நாளுக்குள்ள போட்டாகணும்ங்கிறது செபி விதி, அதனால கோப்பு கிடைக்கும். ஜூன் 30 வெயிட்டை எடுத்து ஜூன் ரிட்டர்னால பெருக்கினா, ஏறின பங்குக்கு ஏறினதுக்கப்புறம் இருக்கிற பெரிய வெயிட் போய் விழும். மொத்தம் கூடுதலா வரும், எல்லாமே மேனேஜர் திறமை மாதிரித் தெரியும்.

இண்டெக்ஸ் பக்கம் 500 பங்கோட வெயிட் கைக்கு வரலைன்னா, நிஃப்டி 500-ஐப் பின்தொடர்ற ஏதாவது ஒரு இண்டெக்ஸ் ஃபண்டோட மாசப் போர்ட்ஃபோலியோவை எடுத்துக்கோங்க. கொஞ்சம் ரொக்கம் இருக்கும், அதை மட்டும் கழிச்சுட்டு 100-க்கு ஏத்தினாப் போதும்.

அப்புறம் ஒரே ஒரு சோதனை. ஃபண்டைத் தொடறதுக்கு முன்னாடி இண்டெக்ஸ் பக்கத்தை மட்டும் கூட்டிப் பாருங்க. 500 பங்கு, ஆரம்ப வெயிட், ஒவ்வொண்ணோட மாச ரிட்டர்ன். வெளியில போட்டிருக்கிற டி.ஆர்.ஐ. மாச ரிட்டர்னோட இரண்டாம் தசம இடத்துக்குப் பக்கத்துல வரணும். வரலைன்னா அங்கயே நிறுத்துங்க. டிவிடெண்ட் சேர்க்காம வெறும் விலையை எடுத்திருந்தா டிவிடெண்ட் அதிகம் வர்ற மாசங்கள்ல கீழ தள்ளும். 2018 பிப்ரவரியில இருந்து ஃபண்டுகள் டி.ஆர்.ஐ.யோடதான் ஒப்பிடணும், அதனால உங்க பங்கு ரிட்டர்ன்லயும் டிவிடெண்ட் இருக்கணும்.

இன்னொண்ணு பங்குப் பிரிப்பு, போனஸ், டீமெர்ஜர். 2023 ஜூலை மாசத்தை எடுத்து ஓட்டிப் பாருங்க. ஜூலை 19 என்.எஸ்.இ.யில ரிலையன்ஸ் 2,841.85-ல முடிஞ்சது. மறுநாள் காலை தனி அமர்வுல 2,580-னு விலை வந்தது. மிச்சம் 261.85 ரூபாய் ஜியோ ஃபைனான்ஷியலுக்குப் போச்சு. விலைப் பட்டியலைத் திருத்தாம எடுத்தா ரிலையன்ஸ் ஒரே நாள்ல 9.2% விழுந்த மாதிரி இருக்கும். முதலீட்டாளர் கையில ஒரு பைசா குறையல. உங்க ஷீட்ல மட்டும் எண்ணெய்த் துறையில நஷ்டம், ரிலையன்ஸை இண்டெக்ஸைவிடக் கூட வச்ச ஃபண்டுக்கெல்லாம் செலக்ஷன்ல அடி.

அதோட ஜியோ ஃபைனான்ஷியல் ஆகஸ்ட் 21 வரைக்கும் பட்டியலாகல. அதுவரைக்கும் இண்டெக்ஸ்ல அதே 261.85-ல நிக்க வச்சிருந்தாங்க. நிஃப்டி 50-ல கொஞ்ச நாள் 51 பங்கு இருந்தது அதனாலதான். அந்தப் பங்கு நிதித் துறை. அதனால ஜூலைக் கடைசி வெயிட்ல எண்ணெய்த் துறையிலிருந்து ஒரு துண்டு நிதித் துறைக்குப் போயிருக்கும், ஃபண்டும் சரி இண்டெக்ஸும் சரி. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா ஒதுக்கீடுன்னு ஒரு பொய் எண் வரும்.

செல்வி_கோவை | 8 ஜூலை, காலை 6:55

மீனா, இண்டெக்ஸ் பக்கம் கூட்டிப் பாத்தேன், 5.90-க்கு 5.89 வருது. தப்பிச்சேன்.

ஆனா இன்னொரு கேள்வி. அசல் ஷீட்ல ஒரு செக்டர் ஃபண்டுல இல்லவே இல்லை. ஜவுளி. ஃபண்ட் ரிட்டர்ன் நெடுவரிசையில 0 போட்டேன். மொத்தம் சரியா வருது, ஆனா ஜவுளி செலக்ஷன்ல ஒரு எண் நிக்குது. வாங்காத பங்குக்கு எப்படித் தேர்வு?

மீனா_டேட்டா | 8 ஜூலை, காலை 9:12

இது அழகான தப்பு, ஏன்னா மொத்தத்துல சிக்கவே சிக்காது. செலக்ஷன்ல wb × (0 − Rb) வரும், இன்டராக்ஷன்ல அதே எண் எதிர்க் குறியோட வந்து அடிச்சிடும். கூட்டு சரி, ரெண்டு நெடுவரிசையும் குப்பை. 0-க்குப் பதிலா இண்டெக்ஸோட ஜவுளி ரிட்டர்னையே ஃபண்ட் நெடுவரிசையிலயும் போடுங்க. ரெண்டும் பூஜ்யமாகி எல்லாம் அலொகேஷனுக்குப் போகும். வாங்காம விட்டது ஒதுக்கீட்டு முடிவுதானே.

ரொக்கத்துக்கு இதோட மறுபக்கம். இண்டெக்ஸ்ல ரொக்கம் இல்லைன்னு அங்க 0 போட்டா அலொகேஷன் -0.22-க்குப் பதில் -0.295 ஆகும், இன்டராக்ஷன்ல +0.075 வந்து நிக்கும். நீங்க 1.5-ஐ ரெண்டு பக்கமும் போட்டிருக்கீங்க, அது சரி.

அப்புறம் என்.ஏ.வி. 7.31 ரவுண்டிங்னு விட்டதா முதல் பதிவுல எழுதியிருக்கீங்களே. அதை விடக் கூடாது. டைரக்ட் பிளானோட செலவு விகிதம் எவ்வளவு?

செல்வி_கோவை | 8 ஜூலை, காலை 9:40

வருஷத்துக்கு 0.80.

மீனா_டேட்டா | 8 ஜூலை, காலை 9:58

அப்ப காலாண்டுக்கு 0.20. என்.ஏ.வி.யோட அதைச் சேர்த்தா 7.51. உங்க ஆரம்பப் பங்குகள் அப்படியே கிடந்திருந்தா 7.375. நடுவுல வாங்கி வித்ததுல 0.135 கூட வந்திருக்கு. ரவுண்டிங்னு நீங்க நினைச்ச -0.065-க்குள்ள -0.20-உம் +0.135-உம் ஒண்ணையொண்ணு தின்னுட்டு உக்காந்திருக்கு. காலாண்டை ஒரே துண்டா எடுக்காம மாசம் மாசமா உடைச்சா இந்த மிச்சம் குறையும்.

பழைய_டீலர் | 8 ஜூலை, இரவு 8:30

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. செலக்ஷன் 1.50-ங்கிற எண்ணை மட்டும் எனக்கு ஜீரணிக்க முடியல. அதுல 0.90 "மற்றவை"யில இருந்து வருது. அந்தப் பெட்டிக்குள்ள இண்டெக்ஸ்ல யார் இருக்கா, ஃபண்டுல யார் இருக்கா? இண்டெக்ஸ்ல எடை பெரும்பாலும் பெரிய கம்பெனிகள்தான். ஃபண்டுல ஸ்மால் கேப் இருந்தா, அந்தக் காலாண்டுல ஸ்மால் கேப் ஓடியிருந்தா, யார் தேர்ந்திருந்தாலும் இந்த 0.90 வந்திருக்கும். இதைப் போய்த் தேர்வுத் திறமைங்கறீங்க.

செல்வி, அதே பங்குகளை செக்டரை விட்டுட்டு லார்ஜ், மிட், ஸ்மால்னு பிரிச்சுப் போடும்மா. ஆம்ஃபி பட்டியல்படி முதல் 100 லார்ஜ், 101-லிருந்து 250 மிட், மிச்சம் ஸ்மால்.

செல்வி_கோவை | 9 ஜூலை, இரவு 10:45

போட்டேன் அண்ணா. இதையும் உருட்டித்தான் தர்றேன், மொத்தம் அதே 7.375, 5.9.

| பிரிவு | ஃபண்ட் வெயிட் | இண்டெக்ஸ் வெயிட் | ஃபண்ட் ரிட்டர்ன் | இண்டெக்ஸ் ரிட்டர்ன் |
|---|---|---|---|---|
| லார்ஜ் | 50% | 70% | 4.6% | 4% |
| மிட் | 25% | 20% | 10% | 9.5% |
| ஸ்மால் | 20% | 10% | 12.5% | 12% |
| ரொக்கம் | 5% | 0 | 1.5% | 1.5% |

அலொகேஷன்: லார்ஜ் +0.38, மிட் +0.18, ஸ்மால் +0.61, ரொக்கம் -0.22, மொத்தம் +0.95.
செலக்ஷன், ஃபண்ட் வெயிட்டால: 0.30, 0.125, 0.10, மொத்தம் 0.525.
கூட்டு 1.475.

செக்டர் வெட்டுல செலக்ஷன் 1.50. கேப் வெட்டுல 0.525. அதே ஃபண்ட், அதே காலாண்டு, அதே பங்குகள். இப்ப நான் எதைச் சொல்றது?

பழைய_டீலர் | 9 ஜூலை, இரவு 11:02

ரெண்டாவதைச் சொல்லு. சந்தேகமே வேண்டாம்.

கணக்கன் | 10 ஜூலை, காலை 7:30

அவ்வளவு அவசரமாக முடிக்க முடியாது. டீலர் சொல்லும் ஆபத்து உண்மைதான். எந்தக் கோட்டில் வெட்டுகிறோமோ அந்தக் கோட்டில் இருக்கும் சாய்வு மட்டும்தான் அலொகேஷனில் தெரியும், வெட்டாத கோட்டில் உள்ள சாய்வெல்லாம் செலக்ஷன் என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும். செக்டரால் வெட்டினால் ஸ்மால் கேப் சாய்வு செலக்ஷனில் ஒளிகிறது. கேப்பால் வெட்டினால் ஐ.டி.யைக் குறைத்த நல்ல முடிவு ஒளிகிறது: செக்டர் வெட்டில் வந்த +0.39 இப்போது லார்ஜ் கேப் செலக்ஷனுக்குள்தான் எங்கோ கிடக்கிறது.

ஆகவே கேள்வி மேனேஜர் எதை முடிவு செய்கிறார் என்பது. அவர் வேண்டுமென்றே சிறிய கம்பெனிகளைத் தேடுபவர் என்றால் கேப் சாய்வு அவருடைய முடிவு, அதை அலொகேஷன் என்று பாராட்டலாம். ஆனால் அதே சாய்வை ஒரு ஸ்மால் கேப் இண்டெக்ஸ் ஃபண்ட் மலிவாகக் கொடுக்கும் என்பதும் உண்மை.

மீனா_டேட்டா | 10 ஜூலை, காலை 8:15

ரெண்டையும் சேர்த்து வெட்டுனா என்னன்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி: 20 செக்டர் × 3 கேப் = 60 கட்டம். ஃபண்டுல 50, 60 பங்குதான். பாதிக் கட்டம் காலி, மீதியில ஒரே ஒரு பங்கு. ஜவுளிக்குச் சொன்ன விதியால காலிக் கட்டமெல்லாம் அலொகேஷனுக்குப் போயிடும். செலக்ஷனே காணாமப் போகும். செக்டரை ஆறேழு பெரிய குழுவாச் சுருக்கி, லார்ஜ் / லார்ஜ் அல்லாததுன்னு ரெண்டா மட்டும் வெட்டினா ஓரளவு நிக்கும்.

நிஃப்டிதாசன் | 10 ஜூலை, காலை 8:40

அதாவது வேணுங்கிற விடை வர்ற மாதிரி வெட்டிக்கலாம். ஃபண்ட் ஹவுஸ்காரங்க செக்டர் படம் மட்டும் போடறது ஏன்னு இப்பப் புரியுது.

கணக்கன் | 10 ஜூலை, காலை 9:05

வெட்டை முதலிலேயே முடிவு செய்து, காலாண்டுக்குக் காலாண்டு மாற்றாமல் வைத்திருந்தால் அந்த விளையாட்டு நடக்காது. விடை வந்தபின் வெட்டை மாற்றுவதுதான் ஆபத்து.

செல்வி_கோவை | 12 ஜூலை, இரவு 9:50

மீனா சொன்ன மாதிரி மாசம் மாசமா உடைச்சேன். இப்ப புதுத் தலைவலி. மூணு மாச வித்தியாசத்தைக் கூட்டினா காலாண்டு வித்தியாசம் வரமாட்டேங்குது.

கணக்கன் | 12 ஜூலை, இரவு 10:40

வராது. ஃபண்ட் ஒரு மாதம் 10, மறுமாதம் 5. இண்டெக்ஸ் 8, 2. வித்தியாசம் 2 + 3 = 5. கூட்டு வட்டியாகப் போட்டால் ஃபண்ட் 15.5, இண்டெக்ஸ் 10.16, வித்தியாசம் 5.34. முதல் மாதம் சம்பாதித்த கூடுதல் பணம் இரண்டாம் மாதமும் வேலை செய்திருக்கிறது. அந்த 0.34-ஐ யாருக்குக் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை.

மாத எண்களைக் கூட்டினால் முழுக் கால வித்தியாசம் வரும்படி இணைப்பது கரினோ முறை, அதில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பெருக்கி. B2 ஃபண்ட், C2 இண்டெக்ஸ்:

```
=IF(ABS(B2-C2)<1E-9, 1/(1+B2), (LN(1+B2)-LN(1+C2))/(B2-C2))
```

இதே சூத்திரத்தை முழுக் காலத்துக்கும் ஒரு தரம் போட்டு, மாதத்தின் எண்ணை அதனால் வகுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் முதல் மாதத்துக்கு 1.035, இரண்டாம் மாதத்துக்கு 1.090. அந்த மாதத்து அலொகேஷன், செலக்ஷன் வரிகள் எல்லாவற்றையும் அதனால் பெருக்கினால் 2 என்பது 2.07 ஆகும், 3 என்பது 3.27 ஆகும், மொத்தம் 5.34. அந்த IF எதற்கென்றால் ஃபண்டும் இண்டெக்ஸும் ஒரே ரிட்டர்ன் தந்த மாதத்தில் பூஜ்யத்தால் வகுக்காமல் இருக்க.

நிஃப்டிதாசன் | 12 ஜூலை, இரவு 11:15

இதுல ஒரு கோளாறு இருக்கு சார். அடுத்த மாசம் சேர்ந்ததும் முழுக் காலத்தோட எண் மாறும். அப்ப முதல் மாசத்தோட 2.07-உம் மாறும். போன அறிக்கையில ஒண்ணு, இந்த அறிக்கையில ஒண்ணு. நடந்து முடிஞ்ச மாசம் எப்படி மாறும்னு கேட்டா என்ன பதில்?

கணக்கன் | 12 ஜூலை, இரவு 11:31

சரியான கேள்வி, திருப்தியான பதில் என்னிடம் இல்லை. மாதாந்திர நெடுவரிசையை மாற்றாமல் வைத்து, இணைத்த எண்ணை அந்தந்தக் காலத்துக்கு மட்டும் காட்டுவது ஒரு வழி. கழிப்பதற்குப் பதில் வகுத்து, (1 + ஃபண்ட்) / (1 + இண்டெக்ஸ்) − 1 என்று வைத்தால் மாத வித்தியாசங்கள் பெருக்கலில் தானாகவே இணையும், பழைய எண் மாறாது. ஆனால் அப்போது 15.5-க்கும் 10.16-க்கும் வித்தியாசம் 4.85 என்று வரும். கழித்துப் பார்த்து 5.34 தெரிந்த வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார்.

மீனா_டேட்டா | 12 ஜூலை, இரவு 11:50

நான் வகுத்தலுக்குத்தான் ஓட்டு. வாடிக்கையாளரை அப்புறம் பாத்துக்கலாம்.

ஓய்வு_ராமன் | 13 ஜூலை, காலை 10:05

மீனா அம்மா சொன்னபடி டி.ஆர்.ஐ.யில் போட்டதாகக் கணக்கிட்டேன். 13.5% வருகிறது. அப்படியானால் ஃபண்ட் பின்தங்கியிருக்கிறதா?

மீனா_டேட்டா | 13 ஜூலை, காலை 10:48

உங்க தவணைகளைப் பொறுத்தவரை ஆமா சார், 0.3% பின்னாடி. ஆனா உங்க 13.2% செலவு போக வந்தது, டி.ஆர்.ஐ.யில செலவே கிடையாது. ரெகுலர் பிளானா இருந்தா கமிஷனும் அதுக்குள்ள இருக்கு. எந்த பிளான்னு பாருங்க.

செல்வி_கோவை | 13 ஜூலை, இரவு 8:20

மாசக் கணக்கு முடிஞ்சது. செலவைச் சேர்த்தப்புறம் முதல் ரெண்டு மாச மிச்சம் 0.02-க்குள்ள. மூணாவது மாசம் மட்டும் 0.11 நிக்குது. இண்டெக்ஸ் பக்கம் கச்சிதமா இருக்கு.

மீனா_டேட்டா | 13 ஜூலை, இரவு 9:02

அந்த மாசத்து ரெண்டு போர்ட்ஃபோலியோ கோப்பையும் பக்கத்துல வச்சு, மதிப்பை விட்டுட்டுப் பங்கு எண்ணிக்கை நெடுவரிசையை ஒப்பிடுங்க. எண்ணிக்கை மாறின பங்குகளை மட்டும் தனியா எடுங்க. அதுல ஆரம்பக் கோப்புல இல்லாம கடைசிக் கோப்புல புதுசா முளைச்ச பேர் இருக்கான்னு பாருங்க. ஐ.பி.ஓ. ஒதுக்கீடா இருந்தா பட்டியலான அன்னிக்கு வந்த லாபம் முழுசா மிச்சத்துலதான் வந்து விழும், ஆரம்ப வெயிட் பூஜ்யம்ங்கறதால ஃபார்முலா அதைப் பார்க்கவே பார்க்காது. வாங்கி அதே மாசம் வித்திருந்தா ரெண்டு கோப்புலயும் பேரே இருக்காது, அதைப் பிடிக்க வழியில்லை.

செல்வி_கோவை | 13 ஜூலை, இரவு 10:37

புதுப் பேர் ஒண்ணு இருக்கு. ஐ.பி.ஓ.தான், அந்த மாசம் 18-ஆம் தேதி பட்டியலாயிருக்கு.